டைட்ரேஷன்ல வினிகர் 3.78%னு வந்துச்சு, அதை நம்பலாமா?

கேள்வி: அண்ணா, எங்க அம்மா ராயபுரத்துல வீட்டுலயே இறா ஊறுகா, வஞ்சிரம் ஊறுகா போட்டு விக்கிறாங்க. 5 லிட்டர் கேன்ல ஒயிட் வினிகர் வாங்குறோம், மேல 4%னு போட்டிருக்கு, ஆனா இந்த வாட்டி புளிப்பு கம்மியா இருக்குன்னு அம்மா சொல்றாங்க. நான் பிஎஸ்சி கெமிஸ்ட்ரி ஃபர்ஸ்ட் இயர். காலேஜ் லேப்ல 4 கிராம் NaOH எடுத்து 1 லிட்டருக்கு கரைச்சு 0.1 நார்மல்னு வச்சிக்கிட்டு, வினிகரை பத்து மடங்கு டைல்யூட் பண்ணி 20 மில்லி பிப்பெட்ல எடுத்து டைட்ரேட் பண்ணேன். 12.6 மில்லி ஆச்சு, கணக்கு போட்டா 3.78% வருது. லிமிட் 3.75 தானே, அப்போ ஓகேவா? பிஎச் பேப்பர்லயும் 2க்கும் 3க்கும் நடுவுல தான் காட்டுச்சு.

பதில்:

தம்பி, உன்னோட 12.6 மேல எனக்கு சந்தேகம் இல்ல, அந்த 0.1 மேல தான் சந்தேகம். நீ அளந்தது 12.6 மட்டும் தான், 0.1ங்கறது நீ அளக்கல, எடை போட்டத வச்சு அப்படி இருக்கும்னு எடுத்துக்கிட்ட. உனக்கு வந்த 3.78க்கும் லிமிட் 3.75க்கும் நடுவுல இருக்கற தூரம் நூத்துல ஒரு பங்கு கூட இல்ல, அதனால உன் NaOH ஒரு பர்சென்ட் வீக்கா இருந்தாலே போதும், பாஸ் ஃபெயில் ஆயிடும். எடை போட்டு கரைச்ச NaOH ஒரு பர்சென்ட் இல்ல, நாலு அஞ்சு பர்சென்ட் வீக்கா இருக்கறது லேப்ல சர்வ சாதாரணம். நான் திருவொற்றியூர் பக்கம் ஒரு ஃபுட் கம்பெனி க்யூசி லேப்ல ரொம்ப வருஷம் இதே வேலை தான் பாத்தேன், வினிகர் வந்து இறங்குன உடனே முதல்ல கேக்கற கேள்வி "NaOH எப்போ ஸ்டாண்டர்டைஸ் பண்ணீங்க"ங்கறது தான், வினிகர் எவ்ளோ காட்டுச்சுங்கறது அதுக்கு அப்பால தான்.

முதல்ல உன் கணக்கு எங்கருந்து வருதுன்னு பாத்துடலாம், அப்போ தான் எது ஆட்டம் காணுதுன்னு புரியும். அசிட்டிக் அமிலமும் NaOHஉம் ஒண்ணுக்கு ஒண்ணு ரியாக்ட் ஆகும். அசிட்டிக் அமிலத்தோட மோலார் எடை 60.05, அதனால 0.1 நார்மல் NaOH ஒரு மில்லி போனா அது 6.005 மில்லிகிராம் அசிட்டிக் அமிலத்தை தின்னுட்டு போச்சுன்னு அர்த்தம். நீ 10 மில்லி வினிகரை 100 மில்லியா ஆக்கி அதுல 20 மில்லி எடுத்த, அந்த 20 மில்லிக்குள்ள இருக்கற ஒரிஜினல் வினிகர் 2 மில்லி. 12.6ஐ 6.005ஆல பெருக்குனா 75.7 மில்லிகிராம், அது 2 மில்லில இருக்கு, அப்போ 100 மில்லில 3.78 கிராம். கணக்கு கரெக்ட். இதுல பர்சென்ட்னு சொல்றது 100 மில்லிக்கு எத்தனை கிராம்ங்கறது, எஃப்எஸ்எஸ்ஏஐ விதில குறைஞ்சது 3.75னு இருக்கறதும் அதே கணக்குல தான், அதனால யூனிட் விஷயத்துல நீ எதுவும் தப்பா கம்பேர் பண்ணல. வினிகரோட அடர்த்தி கிட்டத்தட்ட தண்ணி மாதிரியே தான், கொஞ்சூண்டு தான் ஜாஸ்தி, 100 கிராமுக்குன்னு போட்டாலும் பெருசா மாறாது.

இப்போ NaOHக்கு வருவோம். ஃப்ளேக்ஸோ பெல்லட்ஸோ, டப்பா மூடிய திறந்த நிமிஷத்துலருந்து அது காத்துல இருக்கற ஈரத்தை இழுக்க ஆரம்பிச்சுடும், அதுவும் நம்ம பக்கம் ராயபுரம், காசிமேடுன்னு கடலை ஒட்டி இருக்கற காத்துக்கு, வாட்ச் கிளாஸ்ல கொட்டி பேலன்ஸ் நம்பர் நிக்கறதுக்குள்ள மேல பளபளன்னு ஈரம் பூத்துடும், பாத்திருப்ப. நீ 4.00 கிராம்னு எடை போட்டதுல கொஞ்சம் தண்ணியோட எடை. அது போக காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடை வேற இழுத்து மேல்தோல் எல்லாம் சோடியம் கார்பனேட்டா மாறியிருக்கும். கடைல வாங்கும்போதே அது நூத்துக்கு நூறு சுத்தம் கிடையாது, லேபிள்லயே 97, 98ன்னு தான் போட்டிருப்பான். இதெல்லாம் ஒரே பக்கமா தான் இழுக்கும், அதாவது நீ நினைக்கறதை விட NaOH வீக்கா தான் இருக்கும். வீக்கா இருந்தா அதே வினிகருக்கு ஜாஸ்தி மில்லி போகும், நீ அதை 0.1னு வச்சு பெருக்குவ, பர்சென்ட் ஏறி தெரியும். இது தான் இதுல இருக்கற பெரிய ஆபத்து, வீக் வினிகரை நல்ல வினிகர்னு காட்டிக்குடுக்கற பக்கமா தான் இந்த தப்பு எப்பவும் சாயும்.

அதனால NaOH எடைய மறந்துடு, சுமாரா 4 கிராம்னு போட்டு கரைச்சுக்கோ, அதோட உண்மையான பலத்தை ஒரு நம்பகமான அமிலத்தை வச்சு கண்டுபிடி. உங்க லேப்ல ஆக்சாலிக் அமிலம் கண்டிப்பா இருக்கும், பிளஸ் டூ பிராக்டிகல்லயே பாத்திருப்ப. அது ரெண்டு தண்ணி மூலக்கூறு சேந்த கிறிஸ்டல், மூலக்கூறு எடை 126.07, ரெண்டு ஹைட்ரஜன் குடுக்கறதால ஈக்விவலன்ட் எடை 63.04. அது காத்துல ஈரம் இழுக்காது, நிம்மதியா எடை போடலாம். ஒரே ஒரு விஷயம், பழைய பாட்டில்ல கிறிஸ்டல் கண்ணாடி மாதிரி இல்லாம வெள்ளையா மாவு பூத்த மாதிரி இருந்தா அதுல இருந்த தண்ணி கொஞ்சம் போயிடுச்சுன்னு அர்த்தம், அதை எடுக்காத. தண்ணி போனா அதே எடைல அமிலம் ஜாஸ்தி இருக்கும், அப்போ உன் NaOHஐ அது இருக்கறதை விட வீக்குன்னு காட்டும், கடைசில நல்ல வினிகரையே நீ ஃபெயில் ஆக்கிடுவ. லேப்ல பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் இருந்தா அது இன்னும் நல்லது, ஓவன்ல 110 டிகிரில காயவச்சு ஆறவிட்டு எடுத்தா எடை அப்படியே நிக்கும், ஈக்விவலன்ட் 204.2. இல்லன்னா ஆக்சாலிக்கே போதும்.

பண்ற விதம் இது தான். ஆக்சாலிக் 1.58 கிராம் கிட்ட எடை போடு, சரியா 1.58 வரணும்னு ஸ்பேட்டுலால தட்டிக்கிட்டே நிக்க வேணாம், எவ்ளோ வருதோ அதை கரெக்டா எழுதிக்கோ. அதை 250 மில்லி ஸ்டாண்டர்ட் ஃப்ளாஸ்க்ல போட்டு, முழுசா கரைஞ்ச அப்பறம் மார்க் வரைக்கும் தண்ணி விட்டு, மூடி போட்டு தலைகீழா கவுத்து கவுத்து நல்லா கலக்கு. இந்த கலக்கறதை நிறைய பசங்க ரெண்டு ஆட்டு ஆட்டிட்டு விட்டுடுவாங்க, கழுத்துல இருக்கற தண்ணி கீழ இருக்கறதோட சேராமலே நிக்கும், அப்பறம் ஒவ்வொரு பிப்பெட்டுக்கும் ஒவ்வொரு ரீடிங் வரும். பத்து பதினஞ்சு வாட்டியாவது கவுத்துடு. NaOHஐ பியூரெட்ல எடு, ஆக்சாலிக் 20 மில்லிய கோனிக்கல் ஃப்ளாஸ்க்ல எடு, பினால்ஃப்தலீன் ரெண்டு சொட்டு போட்டு டைட்ரேட் பண்ணு. ரெண்டு ரீடிங் ஒத்து வர்ற வரைக்கும் பண்ணு.

ஒரு உதாரணம் போட்டு காட்றேன். நீ எடை போட்டது 1.60 கிராம்னு வச்சிக்கோ. 1.60ஐ 63.04ஆல வகுத்து, 250 மில்லிங்கறதால 4ஆல பெருக்குனா ஆக்சாலிக் 0.1015 நார்மல். அந்த 20 மில்லிக்கு NaOH முதல்ல 21.3, அப்பறம் 21.2, மறுபடி 21.2 போச்சுன்னு வச்சிக்கோ. 20ஐ 0.1015ஆல பெருக்கி 21.2ஆல வகு, 0.0958 வருது. நீ 0.1னு நினைச்சது உண்மைல 0.0958, நாலு பர்சென்ட்டுக்கு மேல வீக். இது ஏதோ மோசமான கேஸ் இல்ல, கடற்கரை ஓரத்து லேப்ல ஃப்ளேக்ஸ் எடை போட்டா இந்த மாதிரி தான் வரும். இப்போ உன்னோட அதே 12.6ஐ இந்த நம்பரோட போடு:

```
12.6 × 0.0958 × 60.05 = 72.5 மில்லிகிராம் (2 மில்லி வினிகர்ல)
72.5 ÷ 2 = 36.2 மில்லிகிராம் (1 மில்லில)
அதாவது 100 மில்லிக்கு 3.62 கிராம்
```

பியூரெட்ல ஒரு சொட்டு கூட மாறல, 3.78 பாஸா இருந்தது 3.62 ஃபெயிலா ஆயிடுச்சு. உங்க அம்மா நாக்கு கரெக்டா இருக்க நிறைய வாய்ப்பு இருக்குன்னு தான் நான் நினைக்கறேன், ஆனா உன் NaOHக்கு என்ன வருதுன்னு நீ பண்ணி பாத்தா தான் முடிவு சொல்ல முடியும். நீ அன்னைக்கு கரைச்ச அதே பாட்டில் இன்னும் லேப்ல இருந்தா அதையே இப்போ ஸ்டாண்டர்டைஸ் பண்ணி பழைய 12.6க்கு போட்டுடலாம்னு தோணும், அது வேணாம். நடுவுல போன நாள்ல அது இன்னும் கொஞ்சம் காத்து குடிச்சிருக்கும், ரெண்டையும் ஒரே நாள்ல, ஒரே பாட்டில்லருந்து, ஒண்ணு பின்னாடி ஒண்ணா பண்ணு.

ஒரே நாள்னு சொல்றதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. NaOHக்குள்ள கொஞ்சம் கார்பனேட் இருக்கும்னு சொன்னேன்ல, பினால்ஃப்தலீன் போட்டு டைட்ரேட் பண்ணா அந்த கார்பனேட் பாதி வரைக்கும் தான் வேலை செய்யும், பைகார்பனேட் ஆனதோட பிங்க் விஷயத்துல அதோட கதை முடிஞ்சுது. ஆனா ஸ்டாண்டர்டைஸ் பண்ணும்போதும் வினிகருக்கும் அதே பினால்ஃப்தலீன், அதே லைட் பிங்க்ல நிறுத்துறன்னா, அந்த குறை ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வந்து பெரும்பாலும் அடிபட்டு போயிடும். ஸ்டாண்டர்டைஸேஷனுக்கு ஒரு இண்டிகேட்டர், வினிகருக்கு வேற இண்டிகேட்டர்னு மாத்துனா தான் அது வந்து கழுத்தை பிடிக்கும்.

இண்டிகேட்டர்னு சொன்னதும் ஞாபகம் வருது, லேப்ல மெத்தில் ஆரஞ்ச் பக்கத்துலயே இருக்கும், அதை வினிகருக்கு தொடவே தொடாத. அசிட்டிக் அமிலம் வீக் அமிலம், அதோட pKa 4.76. முழுசா நியூட்ரல் ஆகற இடத்துல ஃப்ளாஸ்க்ல இருக்கறது சோடியம் அசிட்டேட், அது லேசா காரத்தன்மை உள்ளது, நீ போடற அளவுக்கு பிஎச் 8.6 கிட்ட இருக்கும். பினால்ஃப்தலீன் 8.2 தாண்டும்போது பிங்க் காட்ட ஆரம்பிக்கும், அதனால கச்சிதமா அந்த இடத்துல உக்காரும், ஒரே சொட்டுல நிறம் மாறும். மெத்தில் ஆரஞ்ச் 3.1லருந்து 4.4க்குள்ள மாறிடும், வினிகர்ல மூணுல ஒரு பங்கு அமிலம் கூட தீராத இடம் அது. அதுவும் படக்குன்னு மாறாம, சிவப்பு ஆரஞ்சாகி ஆரஞ்சு மஞ்சளாகின்னு பல மில்லிக்கு இழுத்துக்கிட்டே போகும். டைட்ரேஷன்ல எண்ட் பாயிண்ட் எங்கன்னே தெரியல, மெதுவா மாறுதுன்னு யாராவது சொன்னா, நான் முதல்ல எந்த பாட்டில்லருந்து இண்டிகேட்டர் போட்டாங்கன்னு தான் பாப்பேன்.

பினால்ஃப்தலீன்லயும் ஒரு இடத்துல குழப்பம் வரும். லைட் பிங்க் வந்துச்சு, நிறுத்துன, ரீடிங் எழுதிட்டு திரும்பி பாத்தா நிறத்தை காணோம். உடனே இன்னும் ஒரு சொட்டு, அப்பறம் இன்னொரு சொட்டுன்னு போட்டுக்கிட்டே போகக்கூடாது. காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடு கரைஞ்சு அந்த பிங்க்கை அழிக்குது, எவ்ளோ நேரம் வச்சாலும் அது அழிச்சுக்கிட்டே தான் இருக்கும். ஆட்டுன அப்பறம் அரை நிமிஷம் பிங்க் நின்னுச்சுன்னா அது தான் எண்ட் பாயிண்ட், அதுக்கு மேல மறைஞ்சா கண்டுக்காத. நல்ல ரோஸ் மில்க் நிறம் வந்துச்சுன்னா நீ தாண்டிட்ட, அந்த ரீடிங்கை விட்டுட்டு வேற பண்ணு. ஃப்ளாஸ்க்குக்கு அடில வெள்ளை டைலோ வெள்ளை பேப்பரோ வச்சிக்கோ, ட்யூப் லைட் வெளிச்சத்துல லைட் பிங்க் சரியா தெரியாது.

தண்ணி விஷயம். டைல்யூட் பண்ண, NaOH கரைக்க எல்லாத்துக்கும் டிஸ்டில்ட் வாட்டர் தான், போர் தண்ணி கூடவே கூடாது, நம்ம ஏரியா போர் தண்ணில இருக்கற சுண்ணாம்புக்கும் பைகார்பனேட்டுக்கும் NaOH போட்ட உடனே வெள்ளையா கலங்கி நிக்கும். டிஸ்டில்ட் வாட்டர்லயும் நாள் பட்டா கார்பன் டை ஆக்சைடு கரைஞ்சிருக்கும், அதுவும் அமிலம் தான், உன் NaOHஐ அதுவும் கொஞ்சம் தின்னும். அதனால அஞ்சு பத்து நிமிஷம் கொதிக்க விட்டு, மூடி ஆறவச்சு எடு. சந்தேகமா இருந்தா வெறும் தண்ணி 20 மில்லில பினால்ஃப்தலீன் போட்டு NaOH விட்டு பாரு, ஒரு சொட்டுல பிங்க் ஆச்சுன்னா தண்ணி நல்ல தண்ணி.

இப்போ ஒரு நியாயமான கேள்வி வரும், 3.62னு வந்தா அதை மட்டும் எப்படி நம்பறது, அதுலயும் தப்பு இருக்காதா. இருக்கும், ஆனா எவ்ளோன்னு நாம சொல்ல முடியும். உங்க பியூரெட்ல சின்ன கோடு 0.1 மில்லி, 12.6ல 0.1 தப்பினா அது 0.8 பர்சென்ட், ரிசல்ட்ல 0.03. ஸ்டாண்டர்டைஸேஷன்ல 21.2ல 0.1 தப்பினா அரை பர்சென்ட். ரெண்டு டெசிமல் பேலன்ஸ்ல 1.60 எடை போட்டா அதுல 0.6 பர்சென்ட். இதெல்லாம் ஒரே பக்கமா சேந்து தப்பறது அபூர்வம், சேத்து பாத்தா 0.04, 0.05 அளவுக்கு முன்ன பின்ன இருக்கும்னு வச்சிக்கலாம். 3.62லருந்து 3.75 இன்னும் 0.13 தள்ளி இருக்கு, அதனால தைரியமா கம்மின்னு சொல்லலாம். இதுவே 3.72னு வந்திருந்தா நான் ஃபெயில்னு சொல்ல மாட்டேன், மறுபடி பண்ணுன்னு தான் சொல்வேன். மறுபடி பண்ணும்போது 20 மில்லிக்கு பதிலா ரெண்டு பிப்பெட், 40 மில்லி எடுத்து பண்ணு, பியூரெட் ரீடிங் 25 கிட்ட போகும், அதே 0.1 தப்பு இப்போ பாதியா சுருங்கிடும்.

கண்ணாடி சாமான்ல ரெண்டே விஷயம் சொல்றேன், மத்ததெல்லாம் உனக்கு தெரிஞ்சிருக்கும். பியூரெட்டை NaOH வச்சே ரெண்டு வாட்டி அலசணும், பிப்பெட்டை எடுக்கப்போற கரைசல் வச்சே அலசணும், ஆனா கோனிக்கல் ஃப்ளாஸ்க்கை வெறும் தண்ணில மட்டும் தான் அலசணும். ஃப்ளாஸ்க்கை வினிகர் வச்சு அலசுனா உள்ள ஒட்டுன வினிகர் கணக்குல வராத எக்ஸ்ட்ரா அமிலம், பர்சென்ட் ஏறும். ரெண்டாவது, பியூரெட் குழாய்க்கு கீழ இருக்கற மூக்குல காத்து குமிழி இருக்கான்னு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பாரு. டைட்ரேஷன் நடுவுல அது வெளில வந்துச்சுன்னா, ஃப்ளாஸ்க்ல விழாத NaOHஐ விழுந்ததா நீ எழுதிடுவ. முதல் ரீடிங் மட்டும் 0.3, 0.4 ஜாஸ்தியா வந்து மத்ததெல்லாம் ஒத்து போச்சுன்னா பெரும்பாலும் இந்த குமிழி வேலையா தான் இருக்கும். முடிச்ச உடனே பியூரெட்டை கழுவி வச்சுடு, NaOH உள்ளயே காஞ்சா கண்ணாடி குழாய் அப்படியே இறுகி பிடிச்சுக்கும். NaOH, ஆக்சாலிக் ரெண்டும் கண்ணுக்கும் வாய்க்கும் மோசம், கண்ணாடி போட்டுக்கோ, பிப்பெட்டை வாயால உறியாத பல்ப் போடு, இதை வீட்டு கிச்சன்ல பண்ணி பாக்கலாம்னு மட்டும் யோசிக்காத.

கேன்லருந்து சாம்பிள் எடுக்கும்போது கேனை நல்லா குலுக்கிட்டு நடுவுலருந்து எடு, சின்ன பாட்டில்ல ரொம்ப இடம் விடாம முழுக்க நிரப்பி இறுக்கி மூடி எடுத்துட்டு போ. அசிட்டிக் ஆவியாகற சரக்கு, மூடி லூஸா வச்சிருந்த பாட்டிலை பஸ்ல வெயில்ல காலேஜ் வரைக்கும் தூக்கிட்டு போயி அளந்தா, கேன் மேல பழி போட முடியாது. முடிஞ்சா சீல் பிரிக்காத இன்னொரு கேன்லயும் ஒண்ணு பண்ணி பாரு, அப்போ தான் வந்ததே கம்மியா, இல்ல உங்க வீட்டுல திறந்து வச்சதுல போச்சான்னு தெரியும்.

பிஎச் பேப்பர் சொன்னல்ல, அதை இதுக்கு நம்பவே முடியாது, ஏன்னு சொல்றேன். 4% வினிகரோட பிஎச் 2.5 கிட்ட. அதையே சரிபாதி தண்ணி கலந்து 2% ஆக்குனாலும் பிஎச் 2.6 கிட்ட தான் போகும். வீக் அமிலத்துல பெரும்பகுதி பிரியாமலே உள்ள உக்காந்திருக்கும், பேப்பர் பாக்கறது பிரிஞ்சு வெளில நிக்கற கொஞ்சத்தை மட்டும் தான், தண்ணி கலந்தா உள்ள இருக்கறதுல இன்னும் கொஞ்சம் பிரிஞ்சு வந்து அந்த குறைய பாதி மறைச்சுடும். NaOH அப்படி இல்ல, பிரிஞ்சதை தின்னதும் அடுத்தது பிரியும், அதையும் தின்னும், கடைசி வரைக்கும் எல்லாத்தையும் வெளில இழுத்து எண்ணிடும். பாதிக்கு பாதி தண்ணி கலந்த வினிகரும் நல்ல வினிகரும் உன் பேப்பர்ல ஒரே நிறம் தான் காட்டும்.

ஆனா டைட்ரேஷனுக்கும் கண்ணு தெரியாத ஒரு இடம் இருக்கு. அது எந்த அமிலம்னு பாக்காது, எவ்ளோ அமிலம்னு மட்டும் தான் பாக்கும். அதனால தான் ரிப்போர்ட்ல "அசிட்டிக் அமிலமாக கணக்கிட்ட மொத்த அமிலத்தன்மை"ன்னு எழுதறது. பழத்துலருந்தோ கரும்பு சாறுலருந்தோ புளிக்க வச்ச வினிகர்ல வேற சில அமிலமும் கொஞ்சம் இருக்கும், அதுவும் சேந்து தான் அந்த நம்பர். உன்னோடது ஒயிட் வினிகர், கிளேஷியல் அசிட்டிக் அமிலத்தை தண்ணில கலந்தது தான் பெரும்பாலும், லேபிள்ல செயற்கைன்னு, அசிட்டிக் அமிலத்துலருந்து செஞ்சதுன்னு போட்டிருக்கணும், பாரு. இதுல பயப்பட வேண்டியது யாராவது காசு மிச்சம் பண்ண சல்ஃப்யூரிக் மாதிரி மினரல் அமிலம் கலந்தானான்னு தான், அப்படி கலந்தா டைட்ரேஷன் சந்தோஷமா 4% காட்டும். அதுக்கு இங்க தான் பிஎச் உதவும், பேப்பர் வேணாம், மீட்டர் வச்சு பாரு, டைட்ரேஷன்ல 4% காட்ற வினிகர் பிஎச் 2க்கு கீழ இருந்தா அது வெறும் அசிட்டிக் கிடையாது. இன்னொண்ணு, ரொம்ப நீர்த்த மெத்தில் வயலட் கரைசல் ரெண்டு சொட்டு போட்டா, அசிட்டிக் மட்டும் இருந்தா வயலட்டாவே நிக்கும், மினரல் அமிலம் இருந்தா நீலம், பச்சைன்னு மாறும். லேப்ல இருக்கும், அஞ்சு நிமிஷ வேலை, பண்ணிடு.

பிரவுன் கலர் வினிகர் எப்பவாவது பாக்கணும்னா பிங்க் தெரியாம கஷ்டப்படுவ, அப்போ ஃப்ளாஸ்க்ல இன்னும் 100 மில்லி கொதிச்சு ஆறுன தண்ணி விட்டு நிறத்தை வெளுக்க வச்சு பண்ணலாம். தண்ணி சேத்தா அமிலத்தோட மொத்த அளவு மாறாது, அதனால கணக்குல எதுவும் மாத்த வேணாம். அப்படியும் தெரியலன்னா பிஎச் மீட்டர் உள்ள விட்டு 8.5 கிட்ட நிறுத்திக்கோ.

இப்போ அம்மா கேக்கப்போற கேள்வி, கையில இருக்கற கேனை இன்னா பண்றது. உண்மையிலயே 3.62 வந்தா, 4% வினிகர் 1 லிட்டர் போடற இடத்துல இதை 1 லிட்டர் 105 மில்லி போட்டா அதே அளவு அமிலம் போகும், 40ஐ 36.2ஆல வகுத்தா வர்ற கணக்கு அது. ஆனா கூட 105 மில்லி போல தண்ணியும் சேந்து போகுது, இறா, மீன்ல ஏற்கனவே ஈரம் இருக்கு, அதனால வறுக்கும்போது இன்னும் கொஞ்சம் வறட்சியா எடுக்க சொல்லு. அதோட, வினிகர் பர்சென்ட் சரியா இருக்குங்கறதுக்காக ஊறுகா சரியா இருக்குன்னு ஆகாது, மீன் சதை அமிலத்தை உறிஞ்சி அடக்கிடும். போட்டு ரெண்டு மூணு நாள் ஊறுன அப்பறம், துண்டும் மசாலாவும் சேத்து அரைச்சு, மேல மிதக்கற எண்ணெய எடுத்துட்டு, பிஎச் மீட்டர்ல பாரு. 4.6க்கு மேல போனா பொட்டுலிசம் கிருமி வளர வழி இருக்கு, எண்ணெய்க்கு அடில காத்து போகாம இருக்கற மீன் ஊறுகாக்கு அது நிஜமான பயம். 4.6ஐ தொட்டுக்கிட்டு நிக்கறதும் போதாது, 4.2க்கு கீழ இருந்தா தான் நான் பாட்டில்ல அடைக்க சொல்வேன். ஊறுகாய நேரா டைட்ரேட் பண்ணி பர்சென்ட் சொல்ல பாக்காத, புளி, எலுமிச்சை, மீன்ல இருக்கற அமினோ அமிலம்னு எல்லாமே NaOHஐ தின்னும், வர்ற நம்பருக்கு அர்த்தம் இருக்காது.

கடைக்காரர் கிட்ட பேசறதா இருந்தா ரெண்டு விஷயத்தையும் தனித்தனியா சொல்லு. லேபிள்ல 4 போட்டுட்டு 3.62 குடுத்தது ஒண்ணு, விதி சொல்ற 3.75க்கே கீழ இருக்கறது இன்னொண்ணு. 3.80 வந்திருந்தா ரெண்டாவது புகார் நிக்காது, முதலாவது மட்டும் தான் நிக்கும். ஆக்சாலிக் எடை, ஸ்டாண்டர்டைஸ் பண்ண மூணு ரீடிங், வினிகரோட மூணு ரீடிங், தேதி, கேன் மேல இருக்கற பேட்ச் நம்பர் எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி வச்சிக்கோ. உன் லேப் ரிசல்ட்டை வச்சு ஆபீசருங்க நடவடிக்கை எடுக்க மாட்டாங்க, அவங்க சாம்பிள் எடுத்து அவங்க லேப்ல பாப்பாங்க, ஆனா கேனை மாத்தி குடுன்னு கேக்கறதுக்கு இந்த பேப்பர் போதும். ஸ்டாண்டர்டைஸ் பண்ணிட்டு உன் NaOH எவ்ளோ வந்துச்சுன்னு இங்கயே போடு, கணக்கை சேந்து பாத்துடலாம்.